நகராட்சிக்குக் குப்பைக் கடிதம்: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குப்பை வண்டி ஒழுங்காக வர வேண்டும், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதப்போகும் செயலாளர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நகராட்சிகளை மனதில் வைத்து எழுதியது. மாநகராட்சி, பேரூராட்சிக்கு மாறும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தை யார் பேருக்கு எழுதணும்? கவுன்சிலரா, சேர்மனா, கமிஷனரா?

நகராட்சி ஆணையருக்கு. வண்டியை எந்தத் தெருவுக்கு அனுப்புவது, ஒப்பந்ததாரரிடம் என்ன வேலை வாங்குவது என்று உத்தரவு போடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. பேரூராட்சியில் அந்த இடத்தில் செயல் அலுவலர் இருப்பார். மாநகராட்சியில் மண்டல உதவி ஆணையருக்கு எழுதினால் சுற்றாமல் போய்ச் சேரும்.

வார்டு உறுப்பினருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் நகல் கொடுங்கள். அப்புறம் உங்கள் பகுதியின் துப்புரவு ஆய்வாளருக்கும் கட்டாயம் ஒரு நகல் போக வேண்டும். ஆணையர் "உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதி அனுப்பும் கடிதம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். முன்கூட்டியே கையில் நகல் இருந்தால், தன்னை மீறி மேலே போய்விட்டார்கள் என்ற மனத்தாங்கல் அவருக்கு வராது. தெருவுக்கு வந்து பார்க்கப்போகிறவர் அவர். அதனால் இந்த மரியாதை முக்கியம்.

எங்க சங்கம் இன்னும் பதிவே பண்ணலை. நான் செயலாளர்னு கையெழுத்துப் போடலாமா?

போடலாம். குப்பை எடுக்கச் சொல்லிக் கேட்பது வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை, அதற்குப் பதிவு எண் தேவையில்லை. சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானது என்றால் எண்ணைத் தலைப்பில் போடுங்கள். பதிவாகவில்லை என்றால் வீட்டு எண்ணோடு குடியிருப்பவர்களின் கையெழுத்துப் பட்டியலை இணைத்தால் போதும்.

எப்படியிருந்தாலும் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதிவிடுங்கள். "எல்லா வீடுகளிலும் பிரித்தே கொடுப்போம்" என்ற வரி அந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும். அது எதற்கு என்பது பின்னால் தெரியும்.

"குப்பை சரியா எடுக்குறதில்லை"ன்னு எழுதினா போதாதா? அதுக்கு மேல என்ன எழுத?

போதாது. அந்த வரிக்கு "தினசரி எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். நகராட்சிப் பதிவேட்டில் உங்கள் வார்டுக்கு வண்டி தினமும் போனதாகத்தான் இருக்கும். அது பொய்யாகவும் இருக்காது. வார்டுக்கு வந்த வண்டி உங்கள் தெருவுக்கு வந்ததா என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது. அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் நான்கு வாரம் நீங்களே ஒரு பதிவு வையுங்கள். தெருவுக்கு ஒருவர், ஒரு நோட்டு. வண்டி வந்ததா, எத்தனை மணிக்கு, பிரித்து வாங்கினார்களா என்று மூன்று கட்டம் போதும். வராத நாளையும் தவறாமல் குறிக்க வேண்டும்.

இதனால் என்ன தெரியவரும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஆறு தெரு, 120 வீடு உள்ள ஒரு நகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாள் பதிவைப் பார்த்தால், முதல் மூன்று தெருவுக்கு 22 நாள் வண்டி வந்திருக்கிறது. நான்கு முதல் ஆறாம் தெருவுக்கு 9 நாள்தான். அந்த ஒன்பதிலும் ஆறு நாள் காலை பத்தரைக்கு மேல். பதிவு இல்லாமல் கூட்டத்தில் பேசினால் முதல் தெருக்காரர் "வருகிறதே" என்பார், ஆறாம் தெருக்காரர் "வருவதே இல்லை" என்பார், இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும். அடுத்து அந்த மூன்று தெருவையும் நடந்து பார்த்தால் காரணம் தெரியும்: குறுகலான முட்டுச் சந்துகள், பேட்டரி வண்டி உள்ளே போனால் திரும்ப இடமில்லை. பின்னோக்கி வர நேரமாகும் என்று ஓட்டுநர் விட்டுவிட்டுப் போகிறார்.

இப்போது கடிதமே மாறிவிடுகிறது. "எல்லாத் தெருவுக்கும் தினமும் வர வேண்டும்" என்று எழுதினால் வண்டி அதே சந்தின் வாயில் அதே மாதிரி நின்றுவிட்டுப் போகும். "நான்கு முதல் ஆறாம் தெரு வரை தள்ளுவண்டி அனுப்புங்கள், முடியாவிட்டால் நான்காம் தெரு முனையில் காலை 7.15 முதல் 7.35 வரை வண்டி நிற்கட்டும், நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்" என்று கேட்டால், துப்புரவு ஆய்வாளர் அன்றைக்கே முடிவு சொல்லக்கூடிய கோரிக்கையாகிவிடும். இரண்டாவது வழிக்குக் கூடுதல் ஆளோ வண்டியோ தேவைப்படாது. நகராட்சி முதலில் அதற்குத்தான் சம்மதிக்கும்.

குப்பை எவ்வளவு வருதுன்னு எடை போட்டுச் சொல்லணுமா?

சொன்னால் நல்லது. எல்லா வீட்டிலும் எடை போட வேண்டாம். பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் கலந்து பத்து வீட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, தொங்கு தராசில் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன நகரில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு மக்கும் குப்பை 700 கிராம், உலர் குப்பை 400 கிராம், டயப்பர் போன்றவை 100 கிராம் என்று வந்தால், 120 வீட்டுக்கு மொத்தம் 144 கிலோ. அதில் மக்குவது மட்டும் 84 கிலோ.

இந்த எண்ணிலிருந்து கோரிக்கை தானாக வந்துவிடும். மூன்று நாள் வண்டி வராவிட்டால் 250 கிலோ ஈரக் குப்பை தெருவில் அழுகும். அதனால் ஈரக் குப்பை தினமும் போக வேண்டும். உலர் குப்பை அழுகாது, வீட்டுக்கு வாரம் மூன்று கிலோவுக்குள்தான் வரும், ஒரு சாக்கில் கட்டிவைக்கலாம். அதை வாரம் இரண்டு நாள் எடுத்தால் போதும். எல்லாவற்றையும் தினமும் எடுக்கச் சொல்லாமல் இப்படிக் கேட்டால் நகராட்சிக்கும் செய்வது எளிது.

வீட்டுக்கு ரெண்டு தொட்டி இலவசமா கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அதைக் கடிதத்தின் முக்கியக் கோரிக்கையாக வைக்காதீர்கள். குப்பையைப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வைப்பது வீட்டுக்காரரின் கடமை என்பதுதான் விதி. சில உள்ளாட்சிகள் பச்சை, நீலத் தொட்டிகளை இலவசமாக வழங்கியிருக்கின்றன. அது திட்டத்தையும் நிதியையும் பொறுத்தது. "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தால் உங்கள் முழுக் கடிதமும் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும்.

வீட்டில் இரண்டு தொட்டி என்பது ஒரு பழைய வாளியும் ஒரு சாக்கும் இருந்தாலே முடிந்துவிடுகிற விஷயம். நீங்கள் நகராட்சியிடம் வலியுறுத்த வேண்டிய தனித்தொட்டி வண்டியில் இருக்க வேண்டியது: ஈரத்துக்கும் உலருக்கும் தடுப்புள்ள பெட்டி, அல்லது வேறுவேறு நிறத் தொட்டிகள். அது உள்ளாட்சியின் பொறுப்பு, தட்டிக்கழிக்க முடியாது.

அப்போ தெரு முனையில பெரிய தொட்டியாவது வைக்கச் சொல்லலாமே?

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பல உள்ளாட்சிகள் தெருத் தொட்டிகளையே எடுத்துவிட்டு வீடு வீடாக வாங்கும் முறைக்கு மாறிவிட்டன. அந்த நேரத்தில் தொட்டி கேட்டால் அவர்கள் கொள்கைக்கு எதிராகக் கேட்கிறீர்கள் என்று ஆகும். நடைமுறையிலும், முனையில் தொட்டி வந்த மறுவாரமே பக்கத்துக் கடை, ஓட்டல், கறிக்கடைக் கழிவெல்லாம் அங்கே வரும். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று இரண்டு வைத்தாலும் யார் எதில் போட்டார்கள் என்று கேட்க ஆள் கிடையாது.

ஒரே விதிவிலக்கு, வண்டியே நுழைய முடியாத இடம். அங்கேயும் மேலே சொன்னபடி வண்டி நிற்கும் நேரம் கேட்பது தொட்டியைவிட நல்லது.

நாங்க பிரிச்சுத்தான் கொடுக்கிறோம். வண்டியில ஒண்ணா கொட்டிடறாங்க. அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்னு எல்லாரும் கேக்குறாங்க.

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பிரித்துக் கொடுத்த வீட்டுக்காரர் கண்முன்னே இரண்டும் கலப்பதைப் பார்த்துவிட்டால், அவரை மறுபடி பிரிக்க வைப்பது மிகவும் கடினம். அதனால் இதைக் கடிதத்தின் நடுநாயகமாக வையுங்கள்.

கலப்பது எங்கே நடக்கிறது என்று முதலில் பாருங்கள். வண்டியில் தடுப்பே இல்லையா? தடுப்பு இருந்தும், பாதி வீடுகள் கலந்து கொடுப்பதால் பணியாளர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுகிறாரா? அல்லது வண்டி பிரித்து எடுத்துப் போய், குப்பையைப் பெரிய லாரிக்கு மாற்றும் இடத்தில் ஒன்றாகிறதா? முதலாவது என்றால் வண்டியைப் படம் எடுத்து இணையுங்கள். பணியாளர் முகம் படத்தில் வர வேண்டாம். இரண்டாவது என்றால் தவறு நம் தெருவிலும் இருக்கிறது. தீர்மானத்தில் நான் சொன்ன அந்த வரி இதற்காகத்தான். மூன்றாவது என்றால், உங்கள் வார்டின் மக்கும் குப்பை எந்த நுண் உர மையத்துக்குப் போகிறது என்று கடிதத்தில் நேராகக் கேளுங்கள். மையத்தில் இடமில்லை, அல்லது அது மூடிக்கிடக்கிறது என்றால், தெருவில் எத்தனை தொட்டி வைத்தாலும் குப்பை கிடங்குக்குத்தான் போகும்.

எந்தச் சட்டத்தைக் காட்டணும்? நெட்ல எடுத்த மாதிரிக் கடிதத்துல எல்லாம் 2016 விதின்னு இருக்கு.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்குப் பதிலாக 2026ஆம் ஆண்டின் விதிகள் வந்துவிட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் அவைதான் நடைமுறை. பழைய கடிதங்களில் உள்ள விதி எண்ணை அப்படியே எடுத்து எழுதினால், காலாவதியான விதி என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். "திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026இன்படி" என்று பெயரைச் சொன்னால் போதும், எண் வேண்டியதில்லை.

முக்கியமான மாற்றம், மூன்று பிரிவு என்றிருந்தது நான்காகியிருக்கிறது: ஈரக் குப்பை, உலர் குப்பை, டயப்பர், நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் பெயிண்ட் டப்பா, பல்பு, பாதரச வெப்பமானி, மருந்து போன்ற தனிக்கவனக் கழிவு. சுகாதாரக் கழிவை நன்றாகச் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். தனிக்கவனக் கழிவைக் குறிப்பிட்ட சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு அனுமதி பெற்றவர்கள் வந்து எடுக்க வேண்டும். அந்த மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு மாதிரி காட்டுங்களேன். எப்படி ஆரம்பிக்கணும், எப்படி முடிக்கணும்னு தெரியலை.

மேலே கணக்குப் போட்ட அதே நகருக்கு எழுதிப் பார்க்கலாம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

> அனுப்புநர்: செயலாளர், ………… நகர் குடியிருப்போர் நலச் சங்கம், வார்டு எண் ……
>
> பெறுநர்: ஆணையர் அவர்கள், ………… நகராட்சி
>
> பொருள்: வார்டு ……, ………… நகர் – குப்பை சேகரிப்பு நேரத்தை முறைப்படுத்தவும், தரம் பிரித்த குப்பையைத் தனித்தனியாக எடுக்கவும் கோருதல்.
>
> ஐயா / அம்மையீர்,
>
> எங்கள் நகரில் ஆறு தெருக்களில் 120 வீடுகள் உள்ளன. கடந்த 28 நாட்களில் முதல் மூன்று தெருக்களுக்கு 22 நாட்களும், 4 முதல் 6 வரையிலான தெருக்களுக்கு 9 நாட்களும் குப்பை வண்டி வந்துள்ளது. பதிவு இணைக்கப்பட்டுள்ளது. 4 முதல் 6 வரையிலான தெருக்களில் வண்டி திரும்ப இடமில்லாததே காரணம் என அறிகிறோம்.
>
> எங்கள் நகரில் நாளொன்றுக்குச் சுமார் 144 கிலோ குப்பை சேர்கிறது. அதில் 84 கிலோ மக்கும் குப்பை. அனைத்து வீடுகளிலும் தரம் பிரித்தே வழங்குவதென்று சங்கக் கூட்டத்தில் தீர்மானித்துள்ளோம். தற்போது வரும் வண்டியில் தடுப்பு இல்லாததால் பிரித்த குப்பை மீண்டும் கலந்துவிடுகிறது.
>
> எனவே, திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026இன்படி, மக்கும் குப்பையைத் தினமும் காலை 6.30 முதல் 9 மணிக்குள்ளும், உலர் குப்பையைப் புதன், சனி ஆகிய நாட்களிலும் எடுக்கவும். தனித்தனித் தொட்டிகள் கொண்ட வண்டியை அனுப்பவும். 4 முதல் 6 வரையிலான தெருக்களுக்குத் தள்ளுவண்டி அனுப்பவும் அல்லது நான்காம் தெரு முனையில் காலை 7.15 முதல் 7.35 வரை வண்டி நிற்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். துப்புரவு ஆய்வாளர் நேரில் வந்து பார்வையிட ஒரு நாளைத் தெரிவித்தால் உடனிருந்து உதவுகிறோம்.
>
> இணைப்பு: வண்டி வருகைப் பதிவு, தீர்மான நகல், வண்டியின் படம், சொத்துவரி ரசீது நகல் ஒன்று.

சொத்துவரி ரசீது எதற்கென்றால், பல நகராட்சிகளில் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் சொத்துவரியோடு வசூலாகிறது. உங்கள் ரசீதில் அது இருந்தால், கட்டணம் கட்டிவருகிறோம் என்று ஒரு வரி சேருங்கள். கோபமாக எழுத வேண்டியதில்லை, ரசீதே போதும். சாலை, சாக்கடை, தெருவிளக்கு எதையும் இதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். அவை வேறு பிரிவுக்குப் போகும், கடிதமும் இரண்டு பிரிவுக்கு நடுவே நின்றுவிடும்.

எங்களுது 200 வீடு உள்ள அபார்ட்மெண்ட். இதே கடிதத்தைப் போடலாமா?

கவனமாக இருங்கள். நாளுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல் குப்பை வந்தாலோ, தரைப்பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலோ, தண்ணீர்ச் செலவு நாளுக்கு 40,000 லிட்டரை எட்டினாலோ, 2026 விதிகளின்படி அந்த வளாகம் பெருமளவில் குப்பை உருவாக்குபவர் என்ற வகையில் வரும். 200 வீடு என்றால் எடையிலேயே அநேகமாக அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்போது ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கும் பொறுப்பு உங்களுடையது. எடைக் கணக்கை எழுதி, "தினமும் வந்து எடுங்கள்" என்று கேட்டால், உங்கள் கடிதமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

தெருவோரத் தனி வீடுகளுக்கு இது பொருந்தாது. 120 வீட்டுக்கும் சேர்த்து 144 கிலோ வந்தாலும் ஒவ்வொரு வீடும் தனித்தனிதான். அபார்ட்மெண்ட் என்றால் முதலில் உரத்தொட்டி ஏற்பாட்டைச் செய்துவிட்டு, உலர் குப்பைக்கும் சுகாதாரக் கழிவுக்கும் மட்டும் நாள் கேட்டு எழுதுங்கள்.

கடிதத்தை நேர்ல கொடுத்தேன். வாங்கி வெச்சுக்கிட்டாங்க, ரசீது எதுவும் தரலை.

இரண்டு பிரதி கொண்டுபோய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரியின் அறையில் நேராகக் கொடுத்தால் பல நேரம் தபால் பதிவேட்டில் ஏறாது. முத்திரை தர மறுத்தால் தகராறு வேண்டாம். தபால் நிலையத்திலிருந்து ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது.

ஒரு மாசம் ஆச்சு. பதிலே இல்லை. அடுத்து என்ன?

முதலில் துப்புரவு ஆய்வாளரைப் போய்ப் பாருங்கள். கடிதம் அவரிடம் வந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். வந்திருந்தும் நகரவில்லை என்றால், முதல்வரின் முகவரி துறையில் புகாரைப் பதியலாம்: 1100 என்ற எண்ணிலோ `cmhelpline.tnega.org` தளத்திலோ. முத்திரையிட்ட கடித நகலை அதோடு சேருங்கள்.

அதற்கும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று வெறும் பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். அந்தச் சட்டம் குடிமக்களுக்குத்தான் உரிமை தருகிறது. உங்கள் பெயரில் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் வண்டி வரவில்லை?" என்று கேட்டால் தகவல் இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: வார்டுக்கான வண்டி வழித்தட அட்டவணை, கடந்த மூன்று மாத வருகைப் பதிவு, ஒப்பந்தத்தில் வீட்டுக்கு வீடு சேகரிப்பு பற்றிய பக்கங்களின் நகல். அந்த வருகைப் பதிவை உங்கள் 28 நாள் நோட்டோடு சேர்த்துப் பார்த்தால், எந்தத் தெரு விடுபடுகிறது என்பதை நகராட்சியின் காகிதத்தை வைத்தே காட்டிவிடலாம்.

எடுக்க வர்றவங்க காசு கேக்குறாங்க, சில நாள் வர்றதே இல்லை. அவங்க பேரைப் போட்டு எழுதலாமா?

வேண்டாம். கடிதத்தில் தூய்மைப் பணியாளர் பெயர் வந்தால் முதலில் நடவடிக்கை அவர்மேல்தான் பாயும், வண்டி நேரம் மாறாது. பல இடங்களில் அவர்கள் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். ஒரு ஆள் விடுப்பு எடுத்தால் பதிலுக்கு ஆள் போடாததால் இரண்டு பேர் வேலையை ஒருவரே பார்ப்பார். வராத நாட்களின் பட்டியலைக் கொடுத்து, "விடுப்பு நாளில் மாற்று ஆள் ஏற்பாடு செய்யுங்கள்" என்று எழுதுங்கள். பணம் கேட்பது தொடர்ந்தால், பெயரில்லாமல், எந்தத் தெருவில் எதற்காகக் கேட்கிறார்கள் என்று மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள்.

கடிதம் கொடுத்ததும் ரெண்டு வாரம் ஒழுங்கா வந்தாங்க. இப்போ பழையபடிதான். மறுபடி எழுதணுமா?

எழுதுங்கள், ஆனால் புதிய கடிதமாக வேண்டாம். பழைய கடிதத்தின் தேதியையும் தபால் எண்ணையும் "பார்வை" என்ற இடத்தில் போட்டு, இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை ஒழுங்காக வந்தது, அதற்குப் பின் இத்தனை நாள் வரவில்லை என்று அரைப் பக்கத்தில் முடியுங்கள். ஒழுங்காக வந்த நாட்களைக் கட்டாயம் எழுத வேண்டும். இருக்கும் வண்டியையும் ஆளையும் வைத்தே செய்ய முடிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. இதற்காகவே நோட்டை முதல் கடிதத்தோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து எழுதச் சொல்கிறேன். தெருவுக்கு ஒருவர் தினமும் எழுதுவது சிரமம் என்றால், வண்டி வராத நாளை மட்டும் குறித்தாலும் சரி.